மருந்து பழகிப்போனது உடம்புக்கா, கிருமிக்கா?

"அவளுக்கு மாத்திரை உடம்புக்குப் பழகிப்போச்சு டாக்டரம்மா. டோஸைக் கொஞ்சம் ஏத்திக் கொடுக்கச் சொல்லுங்க."

மனைவியின் சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்க எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு வந்தவர் சொன்னது இது. அந்த மாதத்தில் இதையே சொன்ன ஐந்தாவது ஆள் அவர். முதல் நான்கு பேரிடம் பொறுமையாகப் பேசினேன். ஐந்தாவது முறை முடியவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. நீர்க்கடுப்பு வந்ததும் பழைய செஃபிக்சைம் ஸ்ட்ரிப்பில் மிச்சமிருந்த மூன்று மாத்திரைகளைப் போட்டிருக்கிறார். எரிச்சல் குறைந்த மாதிரி இருந்தது. நான்கு நாள் கழித்து குளிர்காய்ச்சல், விலாவில் வலி. தெருமுனை கிளினிக்கில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இரண்டு நாள் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. அப்புறம்தான் எங்களிடம் வந்தார். கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்தது. செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின், கோ-டிரைமாக்சசோல் மூன்றுக்கும் 'ஆர்', அதாவது கேட்காது. மெரோபெனெம், நைட்ரோஃபுரான்டாயின் இரண்டுக்கும் 'எஸ்'.

சரி, இதில் எது எதற்குப் பழகியது?

அவர் உடம்புக்கு எதுவும் பழகவில்லை. அன்றைக்கும் அந்த மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் இறங்கியிருக்கும். அவர் உடம்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்த பாக்டீரியாதான் மாறியிருந்தது. செஃபிக்சைம், செஃப்ட்ரியாக்சோன் இரண்டின் மூலக்கூறிலும் பீட்டா-லாக்டம் என்று நான்கு அணுக்கள் கொண்ட ஒரு வளையம் உண்டு. மருந்தின் உயிர் அந்த வளையத்தில்தான் இருக்கிறது. இந்த ஈ.கோலை அதை வெட்டும் ஒரு நொதியைத் தயாரிக்கிறது. நாங்கள் அதை ஈ.எஸ்.பி.எல். என்போம். ஒரு நொதி மூலக்கூறு ஒரு மருந்து மூலக்கூறை வெட்டியதோடு தீர்ந்துபோவதில்லை, அடுத்ததற்குப் போகும். அதனால் டோஸை ஏற்றினால் அதற்கு வெட்டக் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? அந்த அம்மா வாழ்நாளில் கோ-டிரைமாக்சசோல் போட்டதே இல்லை, நானே கேட்டேன். பிறகு அதற்கு ஏன் 'ஆர்'? போடாத மருந்து உடம்புக்கு எப்படிப் பழகும்? இந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். அதே வளையத்தில் வேறு மருந்துகளுக்கு எதிரான மரபணுக்களும் கூடவே இருக்கும். ஒரு பாக்டீரியா அதை நகலெடுத்துப் பக்கத்துப் பாக்டீரியாவுக்கு ஒரு மூட்டையாகவே கொடுத்துவிடும். அந்தப் பாக்டீரியா குடலில் தங்கி, கை கழுவாத சமையல் வழியாக வீட்டில் இன்னொருவர் குடலுக்கும் போகும். ஆன்டிபயாடிக் தொடாத மனிதருக்கும் இந்தத் தொற்று வருவது இப்படித்தான்.

அப்படியானால் அந்த மூன்று மாத்திரையால் என்ன கெட்டது? அவை இந்தக் கிருமியை உண்டாக்கியிருக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே குடலில் ஒரு மூலையில் இருந்திருக்கலாம். மருந்துக்குக் கேட்கும் கிருமிகள் செத்து இடம் காலியானதும் இது பெருகும்.

வார்டில் மெரோபெனெம் தொடங்கியிருந்தார்கள், நாளுக்கு மூன்று முறை. மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்ததும் அதே வகை மருந்தான எர்டாபெனெம் 1 கிராம், நாளுக்கு ஒரு முறை என்று மாற்றச் சொன்னோம். காய்ச்சல் விட்டதும் வீட்டிலிருந்து வந்து ஊசி போட்டுக்கொண்டு போனார், மொத்தம் ஏழு நாள். 'நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரையே எஸ் என்று இருக்கிறதே' என்று கணவர் கேட்டார். நல்ல கேள்வி. அது சிறுநீர்ப்பையில் மட்டும்தான் போதுமான அளவு சேரும். ரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் நிற்காது, அதனால் விலா வலியோடு வரும் காய்ச்சலுக்கு உதவாது. 'எஸ்' பக்கத்தில், கிருமி வளராமல் தடுக்கக் குறைந்தது எவ்வளவு மருந்து வேண்டும் என்று சொல்லும் எண்களில் சின்னதைப் பார்த்து 'இதுதான் பவர்ஃபுல்' என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு, சில டாக்டர்கள் உட்பட. மெரோபெனெமுக்கு 0.25, நைட்ரோஃபுரான்டாயினுக்கு 16 என்று வந்தால் இரண்டும் 'எஸ்'தான். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது.

சில வாரம் கழித்து மருந்தியல் கட்டுரை எழுதும் ஒரு மாணவி எங்கள் ஆய்வகத்தின் கண்காணிப்புத் தரவை அட்டவணையாக்கி எடுத்து வந்தார். கணக்கு எளிதாக இருக்க எண்களை மாற்றிச் சொல்கிறேன். சிறுநீர் ஈ.கோலை 120 வரி, செஃப்ட்ரியாக்சோனுக்குக் கேட்பவை 30. 'கால்வாசிதான் கேட்கிறது மேம்' என்றார். அட்டவணையில் விரலை ஓட்டிப் பார்த்தேன், நம் அம்மா மூன்று வரிகளில் இருந்தார். சேர்ந்த அன்று ஒன்று, வார்டில் திரும்ப எடுத்தது ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று.

ஒரு நோயாளிக்கு ஒரு கிருமி இனத்தில் முதல் மாதிரி மட்டும்தான் கணக்கு. திரும்பத் திரும்ப கல்ச்சர் எடுப்பது குணமாகாதவர்களுக்குத்தான், அவர்களின் கிருமிதான் பெரும்பாலும் 'ஆர்'. இப்படி ஒரே நோயாளிக்குத் திரும்ப வந்த 30 வரிகளை நீக்கினால் 90 பேர், கேட்பவை 27, அதாவது 30 சதவீதம். இதையும் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். புறநோயாளிகள் 40 பேரில் 18, அதாவது 45 சதவீதம். வார்டில் 50 பேரில் 9, அதாவது 18 சதவீதம். ஒரே மருத்துவமனை, இரண்டு உலகம். இந்தப் புறநோயாளிக் கணக்குகூட ஊரின் கணக்கு அல்ல, ஏனென்றால் கல்ச்சர் வரை வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே மருந்து தோற்றவர். இன்னொன்று, 30 மாதிரிக்குக் குறைவாக இருந்தால் சதவீதம் போடாதே என்பது இந்தத் துறையின் விதி. ஐ.சி.யூ.வில் ஏழு மாதிரிக்குச் சதவீதம் போட்டிருந்தார், அதை அழிக்கச் சொன்னேன்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். மிச்ச ஸ்ட்ரிப்பை வைத்துக்கொள்ளாதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். சீட்டில்லாமல் செஃபிக்சைம் தரும் கடைக்காரர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை, 2014 முதல் அது ஹெச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. காய்ச்சலோடு நீர்க்கடுப்பு என்றால் முதல் டோஸுக்கு முன்பே சிறுநீர் கொடுங்கள். கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் வந்து சேர வேண்டும். வெயிலில் பைக் பெட்டியில் வைத்து மாலையில் கொண்டுவந்தால் நாங்கள் வளர்ப்பது உங்கள் நோயை அல்ல.

அந்த மூன்றாவது வரிக்கு வருகிறேன். அது 'எதற்கும் ஒரு தடவை பார்த்துடலாம்' என்று யாரோ எழுதிக் கொடுத்த கல்ச்சர். மகள் பதறிப்போய் எனக்கு போன் செய்தார்.

"மேடம், திரும்பவும் அதே ஈ.கோலைன்னு வந்திருக்கு. ஊசி மறுபடி ஆரம்பிக்கணுமா?"

"காய்ச்சல் இருக்கா? எரிச்சல்?"

"ஒண்ணும் இல்ல. நேத்துகூட கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தாங்க."

"அப்போ எதுவும் வேண்டாம். கர்ப்பிணிக்கும் சிறுநீர்ப் பாதையில ஆபரேஷன் பண்ணப் போறவங்களுக்கும்தான் தொந்தரவு இல்லாட்டியும் மருந்து கொடுப்போம். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமா எடுத்து வைங்க. அடுத்த தடவை காய்ச்சல் வந்தா, எந்த டாக்டர்கிட்ட போனாலும் அதை முதல்ல காட்டுங்க."

"சரி மேடம். அப்பா ஒரு ஸ்ட்ரிப் வாங்கி வெச்சிருக்காரே?"

"பில் இருந்தா இன்னைக்கே திருப்பிக் கொடுத்துடச் சொல்லுங்க."