கடிகாரம் சொன்ன ‘ஏஎஃப்’: பயப்படுவதற்கு முன்பு ஒரு ஈசிஜி எடுங்கள்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அதனால் இதயநோய் மருத்துவர்களான எங்களிடம் புது வகை நோயாளிகள் வருகிறார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கையில் ஒரு செய்தி மட்டும் இருக்கிறது: இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருக்கிறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். சுருக்கமாக ஏஎஃப். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் படபடவென்று அதிர்ந்துகொண்டிருக்கும் நிலை இது. அங்கே இரத்தம் தேங்கி, உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அதனால்தான் இந்தச் செய்தியை ஒதுக்கிவிட முடிவதில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடிகாரம் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. பின்பக்கத்தில் பச்சை விளக்கு மினுங்குகிறதே, அது மணிக்கட்டில் ஓடும் இரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நாடியைக் கணக்கிடுகிறது. நீங்கள் அசையாமல் இருக்கும்போது அவ்வப்போது பார்த்து, பல முறை தொடர்ந்து தாறுமாறாக இருந்தால்தான் எச்சரிக்கை அனுப்பும். இது ஈசிஜி அல்ல, நாடியின் நிழல் மட்டுமே. இன்னொன்று, நீங்களே விரலை வைத்து 30 விநாடி எடுக்கும் ஈசிஜி. இது இதயத்தின் மின்சாரத்தையே பதிவு செய்கிறது. ஃபோனோடு சேர்த்துப் பயன்படுத்தும் சிறிய ஈசிஜி தகடுகளும் இந்த இரண்டாவது வகைதான். ஃபோன் கேமராவில் விரலை வைத்து நாடி பார்க்கும் செயலிகளோ முதல் வகை. நோய் என்று முடிவு செய்ய, மருத்துவர் கண்ணால் பார்த்து உறுதிசெய்த ஈசிஜி வேண்டும். பச்சை விளக்கின் எச்சரிக்கையை வைத்து மட்டும் யாருக்கும் மாத்திரை எழுதக் கூடாது.

அப்படியானால் அந்த எச்சரிக்கையை எவ்வளவு நம்பலாம்? ஆப்பிள் கடிகாரத்தை வைத்து அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. எச்சரிக்கை வந்தவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் பலருக்கு மார்பில் ஒட்டும் ஈசிஜி பட்டையைத் தபாலில் அனுப்பினார்கள். பட்டையை ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்குத்தான் ஏஎஃப் தென்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு பொய்யா என்று கேட்கத் தோன்றும். அப்படியில்லை. ஏஎஃப் பலருக்கு வந்து வந்து போகும். எச்சரிக்கை வந்து நாட்கள் கழித்துப் பட்டை ஒட்டும்போது இதயம் சீராகியிருக்கலாம். பட்டை ஒட்டியிருந்த நேரத்திலேயே கடிகாரமும் எச்சரித்தபோது, 84 சதவீதம் உண்மையான ஏஎஃப்தான்.

மீதிக்குக் காரணம் பெரும்பாலும் முந்திக்கொண்டு வரும் துடிப்புகள். எக்டோபிக் என்போம். தூக்கம் கெட்டவர்கள், காப்பி அதிகம் குடிப்பவர்கள், பதற்றத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வரும். ஒரு காரணமும் இல்லாமலும் வரும். இளைஞர்களுக்கு மூச்சை இழுக்கும்போது நாடி வேகமாகி, விடும்போது மெதுவாவது இயல்பு. அதையும் கடிகாரம் தவறாக எண்ணலாம். வார் தளர்ந்திருந்தாலும், கை நடுங்கினாலும் இப்படித்தான்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதலாமவர் முப்பது வயது மென்பொருள் ஊழியர். ஒரு முறை எச்சரிக்கை வந்தது. பிறகு பயந்து பயந்து நாள் முழுக்க ஈசிஜி எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பாதிப் பதிவுகளில் ‘Inconclusive’, அதாவது முடிவு சொல்ல முடியவில்லை; மீதியில் ‘Sinus Rhythm’, அதாவது இயல்பான தாளம். பதிவுகளைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விஷயம் தெளிவாகிவிட்டது. ஒவ்வொரு உயரமான கூருக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு இருந்தது. மேலறை ஒழுங்காகச் சுருங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. பி அலை என்பார்கள். நடுநடுவே ஒரு துடிப்பு முந்தி வந்து, அதன் பின் சற்று நீண்ட இடைவெளி, மறுபடி பழைய தாளம். ஏஎஃப்பில் அந்த மேடே இருக்காது, கூர்களுக்கு இடையிலான தூரத்தில் எந்த ஒழுங்கும் இருக்காது. ஒரு தாளின் ஓரத்தில் இரண்டு கூர்களைப் புள்ளியிட்டு, அதைப் பக்கத்தில் நகர்த்திப் பார்த்தாலே தெரியும். இது மருத்துவரின் வேலைதான், ஆனால் கற்றுக்கொள்ள நினைப்பவர்களைத் தடுக்க மாட்டேன். அவருக்கு 12 லீட் ஈசிஜியும், இதயத்தின் ஸ்கேனான எக்கோவும் எடுத்தோம், இரண்டும் இயல்பு. மாத்திரை ஒன்றும் வேண்டாம், நாள்பூராவும் பொத்தானை அழுத்துவதை மட்டும் நிறுத்துங்கள் என்றேன்.

இரண்டாமவர் அறுபத்தெட்டு வயது ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்ப் பக்கம். ரத்த அழுத்தத்துக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். மகன் நியூ ஜெர்சியில். எச்சரிக்கை வந்ததும் உள்ளூரில் ஈசிஜி எடுத்தார்கள், இயல்பு. “ஒன்றும் இல்லை, கடிகாரம் உளறுகிறது” என்று அனுப்பிவிட்டார்கள். இதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. பத்து விநாடி ஈசிஜி இயல்பாக இருந்தால், அந்தப் பத்து விநாடியில் ஏஎஃப் இல்லை என்று மட்டும்தான் பொருள். வயதும் ரத்த அழுத்தமும் இருப்பவரிடம் அதோடு நிறுத்த முடியாது. எச்சரிக்கை ஒன்றுதான் என்றாலும், முப்பது வயதில் அது பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம், அறுபத்தெட்டில் உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வயதில் நோயே கூடுதலாக இருப்பதால்தான் இந்த வித்தியாசம்.

காலையும் இரவும் ஒரு பதிவு, படபடப்போ காரணமில்லாத அசதியோ வந்தால் கூடுதலாக ஒரு பதிவு, இரண்டு வாரத்துக்கு எடுக்கச் சொன்னோம். எடுக்கும் முறை முக்கியம். உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேசைமேல் தளர்வாக வைக்க வேண்டும். வாரை மணிக்கட்டில் இறுக்கமாகக் கட்டி, அடுத்த கையின் விரலைப் பக்கவாட்டுப் பொத்தானில் அழுத்தாமல் தொட்டபடி 30 விநாடி பேசாமல் இருக்க வேண்டும். ஃபோன் தகடு என்றால் ஃபோன் சார்ஜரில் இருக்கக் கூடாது, மின்சாரத்தின் அதிர்வு கோட்டில் ஏறிவிடும். தோல் வறண்டிருந்தால் லேசாக ஈரப்படுத்திக்கொள்ளலாம். முடிந்ததும் பிடிஎஃப் ஆகச் சேமித்து அதை முழுதாக அனுப்புங்கள். ‘Atrial Fibrillation’ என்ற எழுத்தை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்; கோடு இல்லாமல் அதை வைத்து என்ன செய்வது?

இரண்டாவது வாரத்தில் ஓர் இரவு எடுத்த பதிவில் பி அலை இல்லை, கூர்கள் கண்டபடி விழுந்திருந்தன. ஏஎஃப்தான். அடுத்து ஒரு வாரம் மார்பில் பட்டை ஒட்டியதில், அதே போலச் சில மணி நேரம் நீடித்த கட்டங்கள் தெரிந்தன. “எனக்கு ஒண்ணுமே செய்யலையே டாக்டர், மாத்திரை எதுக்கு?” என்று ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. “டீச்சர், மாத்திரை படபடப்புக்கு இல்லை, பக்கவாதத்துக்குத்தான்” என்று சொல்லிப் பக்கவாத ஆபத்தைப் புள்ளி போட்டுப் பார்க்கும் கணக்கைக் காட்டினேன். வயது 65-ஐத் தாண்டியதற்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. இரண்டு புள்ளி ஆகிவிட்டது. (பழைய கணக்கில் பெண் என்பதற்கும் ஒன்று உண்டு, 2024 ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை எடுத்துவிட்டது.) இரண்டு வந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது.

ஆனாலும் இங்கே அவசரம் கூடாது. உடலுக்குள் பொருத்திய பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் கண்டுபிடித்த, 24 மணி நேரத்துக்குள் அடங்கிய ஏஎஃப் உள்ளவர்களிடம் அப்படிப்பட்ட ஒரு மாத்திரையான அபிக்சபானைச் சோதித்த ஆய்வு 2023-ல் வந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சுமார் 12 பேருக்குப் பக்கவாதமோ வேறிடத்தில் உறைகட்டி அடைப்போ வந்தது. அபிக்சபான் சாப்பிட்டவர்களில் 8 பேருக்கு. பெரிய ரத்தக்கசிவு அபிக்சபான் குழுவில் கூடியது. ஆக, நன்மை உண்டு, ஆனால் இலவசமாக இல்லை. வயிற்றுப்புண், முன்பு நடந்த ரத்தக்கசிவு, வலிமாத்திரைப் பழக்கம் எல்லாம் கேட்டு, நோயாளியோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆசிரியை யோசித்துச் சம்மதித்தார்.

தொடங்குமுன் ஹீமோகுளோபின், கிரியாட்டினின், தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் எடுத்தோம். தைராய்டு மிகுதியே ஏஎஃப்புக்குக் காரணமாக இருக்கலாம். எக்கோ கட்டாயம். நம் ஊரில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சுருக்கம் ஓரளவுக்கு மேல் இருந்தால் அபிக்சபான் வகை மாத்திரைகள் கூடாது. வார்ஃபரினோ அசெனோகூமரோலோதான், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆசிரியைக்கு வால்வு நன்றாக இருந்தது. எடை 58 கிலோ. எடை 60-க்குள் இருப்பதைப் பார்த்ததும் அபிக்சபானை 2.5 மில்லிகிராமாகக் குறைத்து எழுதிவிடும் பழக்கம் உண்டு, அது தவறு. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் குறைக்க வேண்டும். அவருக்கு ஒன்றுதான், எனவே 5 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று. பலர் தாமாகவே ஆஸ்பிரினைத் தொடங்கிவிட்டு வருகிறார்கள்; ஏஎஃப்பால் வரும் பக்கவாதத்தை அது சரியாகத் தடுப்பதில்லை, கசிவு ஆபத்து மட்டும் மிச்சம்.

எல்லோரும் இவ்வளவு நிதானமாக இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். எச்சரிக்கையோடு நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், அல்லது அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் இறங்காத மிக வேகமான துடிப்பு இருந்தால் அன்றே, அப்போதே மருத்துவமனை. வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள், கடிகாரத்தில் ஈசிஜி எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். மாரடைப்பைக் கடிகாரம் கண்டுபிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். துடிப்பு சீராகவே வேகமாக ஓடும் ஏட்ரியல் ஃப்ளட்டரையும் அது தவறவிடலாம்.

ஆசிரியையின் மகன் பிறகு ஒரு நாள் கேட்டார், இரண்டு மாதமாக எச்சரிக்கையே வரவில்லை, அம்மா மாத்திரையை நிறுத்தலாமா என்று. கூடாது. அந்த எச்சரிக்கை வசதி ஏஎஃப் இருப்பதே தெரியாதவர்களுக்காக உருவாக்கப்பட்டது; நோய் உறுதியானவர்களுக்கு எவ்வளவு நேரம் ஏஎஃப் இருந்தது என்று கணக்கிடும் வேறு அமைப்பு ஆப்பிள் கடிகாரத்தில் இருக்கிறது, அதை மாற்றி வைத்துக்கொள்ளலாம். அதிலும் எண் குறைவாக வந்தாலும் மாத்திரையைத் தீர்மானிப்பது வயதும் ரத்த அழுத்தமும் தரும் அந்த இரண்டு புள்ளிகள்தான்.