கருணைக்கிழங்கு சாப்பிட்டதும் ரத்தம் நின்றதா? கொஞ்சம் காலண்டரைப் பாருங்கள்

போன மாதம் ஒருவர் வந்தார். 52 வயது, சொந்தமாக டீக்கடை. "மூலம் சார், ஏழு மாசமா இருக்கு, கருணைக்கிழங்கு ரெண்டு மண்டலம் எடுத்தேன், முதல் தடவை நல்லா கேட்டுச்சு, இப்ப கேக்கல" என்றார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், உள்பக்கம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 6.4. ஆணுக்கு 13 இருக்க வேண்டும். கடையில் பால் கேனைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்று அவர் மனைவி சொன்ன பிறகுதான் அவரும் ஒப்புக்கொண்டார்.

இப்படி வருவது இவர் முதல் ஆள் இல்லை, இந்த ஒரு வருடத்தில் நாலாவது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் மனைவி பையிலிருந்து மாதக் காலண்டர் தாள்களை எடுத்தார். ரத்தம் வந்த நாளையெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். எனக்கு எந்த ஸ்கேனும் சொல்லாத கதையை அந்தத் தாள்கள் சொல்லின. ஆகஸ்ட் 6 முதல் 14 வரை வட்டம், அப்புறம் ஒன்றுமில்லை. செப்டம்பர் 9 முதல் 17 வரை மறுபடி வட்டம், அப்புறம் ஒன்றுமில்லை. அக்டோபர் 11இல் மறுபடி ஆரம்பம். அக்டோபர் 17இல் அவர் தம்பி சொல்லிக் கிழங்கு ஆரம்பித்தார்கள், 20ஆம் தேதியோடு ரத்தம் நின்றது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்போது அந்த முதல் இரண்டு வட்டங்களைப் பாருங்கள். ஆகஸ்டில் யார் கிழங்கு கொடுத்தது? செப்டம்பரில்? யாரும் இல்லை. அப்போதும் ஒன்பது நாளில் தானாகத்தான் நின்றது. அக்டோபரிலும் பத்தாவது நாளில் நின்றது, நடுவில் ஏழாவது நாள் கிழங்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். மூலத்தில் ரத்தம் விட்டு விட்டு வரும். சில நாள் வரும், பல வாரம் காணாமல் போகும். ரத்தம் அதிகமாகிப் பயம் வரும்போதுதான் நாம் வைத்தியம் தேடுகிறோம், அதற்கு அடுத்து வரப்போவது பெரும்பாலும் நிற்கும் காலம்தான். அந்த நேரத்தில் வெங்காயத்தை நெய்யில் வதக்கித் தின்றாலும், துத்திக் கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்து தின்றாலும், வெறும் மோர் குடித்தாலும் 'மூன்றே நாளில் நின்றது' என்றுதான் சொல்வோம். சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நின்றது உண்மை. எதனால் நின்றது என்பதைத்தான் அவரால் சொல்ல முடியாது. இதை நான் ஓ.பி.யில் தினமும் சொல்கிறேன், தினமும் யாராவது "இல்ல சார், எங்க மாமாவுக்குக் கேட்டுச்சு" என்கிறார்கள். மாமாவிடம் காலண்டர் இருந்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

டிசம்பர் 3இல் மண்டலம் முடிந்தது. 14ஆம் தேதி மறுபடி வட்டம். 'கிழங்கை நிறுத்தியதால் வந்தது' என்று முடிவு செய்து 16ஆம் தேதி இரண்டாவது மண்டலம் ஆரம்பித்தார்கள். இந்த முறை வட்டங்கள் நிற்கவே இல்லை. ஜனவரியில் மனைவி வட்டத்துக்குப் பக்கத்தில் 'சளி' என்று எழுதியிருக்கிறார். மலத்தோடு சளி. போய்விட்டு வந்தும் போகாத மாதிரியே இருக்கிறது என்று திரும்பத் திரும்ப உள்ளே போயிருக்கிறார். இதெல்லாம் மூலத்தின் பேச்சு இல்லை.

கையுறை போட்டு விரலால் ஆசனவாய்க்குள் பரிசோதித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. விரல் எட்டும் தூரத்திலேயே கட்டி, கடினமாக, மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டது. புராக்டாஸ்கோப் வைத்துப் பார்த்தால் மூலமும் இருந்தது, இரண்டாம் நிலை மூலம், அவர் சொன்னது முழுக்கத் தவறும் இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்: மூலம் இருக்கிறது என்பதால் வேறு எதுவும் இல்லை என்று ஆகாது. ஐம்பது வயதில் மூலம் பலருக்கும் இருக்கும், அதற்கு மேலே புற்றுநோய் உட்கார்ந்திருந்தாலும் அது இருக்கும். கொலோனோஸ்கோபி செய்து சதை எடுத்து அனுப்பினோம். மலக்குடல் புற்றுநோய். எம்.ஆர்.ஐ.யில் குடல் சுவரைத் தாண்டியிருந்தது. இப்போது ரத்தம் ஏற்றி, கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்து, அதன் பிறகுதான் அறுவை சிகிச்சை.

கிழங்கு அவருக்குப் புற்றுநோயை வரவழைக்கவில்லை. அது வேண்டாத பழியைச் சுமக்க வேண்டாம். ஏழு மாதம் போனது, அதுதான்.

சரி, கிழங்கில் என்னதான் இருக்கிறது? முதலில் பெயர்க் குழப்பம். யானைக்கால் போல அகலமாக இருப்பது சேனை, சின்னதாக இருப்பது பிடிகருணை, ஊருக்கு ஊர் இரண்டையுமே கருணை என்கிறார்கள். ஆயுர்வேதத்தில் சேனைக்கு மூலத்தை அழிப்பது என்ற பொருளிலேயே ஒரு பெயர் உண்டு, சித்த மருத்துவத்தில் கருணைக்கிழங்கு லேகியம் உண்டு. ஆக, இது யாரோ நேற்று கிளப்பிவிட்ட கதை இல்லை, பல தலைமுறையாக இருக்கும் பழக்கம். எலிகளுக்குக் குரோட்டன் எண்ணெயால் ஆசனவாயில் வீக்கம் உண்டாக்கி, கிழங்குச் சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன, வீக்கம் குறைந்திருக்கிறது. எண்ணெய் தடவிய எலியும் பத்து வருடமாக முக்கிக் கஷ்டப்பட்ட மனிதரும் ஒன்றில்லை. மனிதர்களில், பாதிப் பேருக்குக் கிழங்கு, பாதிப் பேருக்கு வேறொன்று என்று பிரித்துக் கொடுத்து, நம்பிச் சொல்லும் அளவுக்குப் பெரிதாக நடந்த ஆய்வு இல்லை. 'மூலத்தை வேரோடு அறுக்கும்' என்பதற்கு ஆதாரம் கிடையாது.

ஆனால் நார்ச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 7 ஆய்வுகள், 378 பேர், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 2005இல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு வந்தது. நார்ச்சத்து எடுத்தவர்களுக்கு ரத்தக்கசிவு கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. வெளியே தள்ளும் சதைக்கும் வலிக்கும் அதே அளவு தெளிவான பலன் தெரியவில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 100 கிராம் சேனையில் சுமார் 4 கிராம் நார் இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். ஆக, மதியம் சேனை மசியல் வைத்தால் நல்லதுதான், ஆனால் அது தேவையில் ஆறில் ஒரு பங்குதான், மீதிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், கீரை, வாழைத்தண்டு, கொய்யா என்று போக வேண்டும். அதுவும் முடியாதவர்களுக்கு நான் எழுதித் தருவது இசப்கோல், இரவில் இரண்டு டீஸ்பூன், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அதுவே அடைத்துக்கொள்ளும். திடீரென்று ஒரே நாளில் நாரை ஏற்றினால் வயிறு உப்பும், ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். பலன் தெரிய ஆறு வாரம் ஆகலாம்.

தயவுசெய்து பச்சைக் கிழங்கைச் சாறு பிழிந்து குடிக்காதீர்கள். வெறும் வயிற்றில் குடித்துவிட்டுத் தொண்டை வீங்கி, எச்சில்கூட விழுங்க முடியாமல் வந்த அம்மாவைப் பார்த்திருக்கிறேன். கிழங்கில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, அரிப்பு அதனால்தான். அம்மாக்களுக்குத் தெரிந்த வழிதான் சரி: கையில் எண்ணெய் தடவித் தோலை ஆழமாகச் சீவி, துண்டு போட்டு, அரிசி கழுவிய தண்ணீரில் ஊற வைத்து, புளித்தண்ணீரில் குழைய வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மண்டலக் கணக்கில் தினமும் சாப்பிட வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும், மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோ இருக்கும், சர்க்கரை நோயாளிகள் அதைக் கணக்கில் எடுங்கள். எண்ணெயில் பொரித்த சேனை வறுவலை மருந்து என்று சாப்பிடுவதில் அர்த்தமில்லை.

கடுக்காய்ப் பொடி மலத்தை இளக்கும், அது உண்மை, அதனால் முக்குவது குறையும். ஆனால் தினமும் வயிற்றுப்போக்கு ஆகும் அளவுக்குப் போடுவது ஆசனவாய்க்கு இன்னொரு எரிச்சல். துத்திக் கீரை கீரைதான், சாப்பிடுங்கள், விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவதற்கு நான் காட்டக்கூடிய ஆதாரம் இல்லை, புண்ணாக இருந்தால் கட்டாதீர்கள்.

'சூடு' என்று கோழியையும் முட்டையையும் நிறுத்துபவர்கள்தான் அடுத்து. ரத்தம் போய்ப் போய் வெளுத்திருக்கும் ஆளிடம் இருக்கிற இரும்புச்சத்தையும் பிடுங்குகிறீர்கள். கோழி மூலத்தை உண்டாக்காது. காய்கறி இல்லாமல் பிரியாணி மட்டும் தின்றால் மலம் இறுகும், பிரச்சினை அங்கேதான், பக்கத்தில் காய் வையுங்கள். மூலம் உள்ள 50 பேருக்கு மிளகாய்த்தூள் கேப்சூலும் வெறும் கேப்சூலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வில் வித்தியாசமே தெரியவில்லை. ஆசனவாய் வெடிப்பு இருப்பவர்களுக்கு மட்டும் காரம் எரிச்சலைக் கூட்டும். கண்ணாடி கிழித்த மாதிரி வலித்தால் அது பெரும்பாலும் வெடிப்பு, நம் ஊரில் அதற்கும் பெயர் மூலம்தான்.

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகும், பயந்து நிறுத்தாதீர்கள். மாத்திரை எதுவும் எடுக்காமல் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே வாருங்கள்.

40 வயதுக்கு மேல் முதல்முறை ரத்தம் பார்த்தால், மலத்தில் கலந்து வந்தால், சளி வந்தால், போகும் பழக்கம் மூன்று வாரத்துக்கு மேல் மாறினால், எடை குறைந்தால், கிழங்குக்கு முன்னால் விரல் பரிசோதனை. வயது குறைவு என்றாலும் ரத்தம் திரும்பத் திரும்ப வந்தால் ஒருமுறை காட்டிவிடுங்கள். சித்த மருத்துவரிடம் போனாலும் சரி, பரிசோதித்துவிட்டுத்தான் மருந்து கொடுக்க வேண்டும், என்னுடன் படித்த நல்ல சித்த மருத்துவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது என்று தெரியும். பெண் மருத்துவர் வேண்டும் என்றால் கேளுங்கள், கூட ஆள் இருக்க வேண்டும் என்றால் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடத்தைத் தள்ளிப் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அட்மிஷன் அன்று அவர் மனைவி கேட்டார், "இனிமே கிழங்கு கொடுக்கலாமா சார்?" கொடுங்கம்மா, வீட்டில் எல்லோருக்கும் வைக்கிற குழம்பில் போட்டு, கதிர்வீச்சில் வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் அந்த நாட்களில் நிறுத்துங்கள் என்றேன். பக்கத்தில் தம்பி நின்றிருந்தார், இரண்டு மண்டலமும் சந்தையில் கிழங்கு தேடி வாங்கி வந்தவர். 44 வயது. கூடப் பிறந்தவருக்குக் குடல் புற்றுநோய் என்றால் உங்களுக்கும் கொலோனோஸ்கோபி பார்க்க வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டு, "எனக்கும் அப்பப்ப ரத்தம் வருது சார்" என்றார். வரும் வியாழக்கிழமை காலை அவருக்குத் தேதி கொடுத்திருக்கிறேன்.