மார்ச் மாதத்து அரை மணி நேரம்

கண்டியிலிருந்து ஓடும் ஒரு சப்போர்ட் டெஸ்க்கில் ஷிப்ட் அட்டவணை போடுவது என் வேலை. எங்களோடு லண்டனும் கலிபோர்னியாவும் சேர்ந்து இருபத்திநாலு மணி நேரத்தையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கலிபோர்னியா மாலை 5 மணிக்கு வேலை முடித்து எழும்போது கண்டியில் காலை 6.30. நாங்கள் 6 மணிக்கே வந்துவிடுவோம். அந்த அரை மணி நேரம்தான் வாடிக்கையாளர்களின் முறையீட்டு டிக்கெட்டுகளைக் கைமாற்றும் நேரம். 2.30க்கு நாங்கள் கிளம்புவதற்கு அரை மணி முன்னால், 2 மணிக்கு, லண்டன் வந்து சேரும்.

இந்தக் கணக்கு குளிர்காலத்துக்கு மட்டும்தான் சரி. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கலிபோர்னியா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறது. அதன் பிறகு அவர்களுடைய மாலை 5 மணி நமக்குக் காலை 5.30. நாம் வருவதோ 6 மணிக்கு. ஒன்றாக இருந்த அரை மணி நேரம், யாருமே இல்லாத அரை மணி நேரமாகிவிடுகிறது.

1996இல் இலங்கையிலும் நேரத்தை மாற்றினார்கள். "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுக்கொண்டது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2006 ஏப்ரலில் பழையபடி கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்ற கணக்குக்குத் திரும்பிய பிறகு நம் கடிகாரம் அசையவில்லை. அதனால் அடுத்தவர் கடிகாரம் அசையும் என்பது நமக்குச் சட்டென்று தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

முதல் வருஷம் அது ஒரு செவ்வாய்க்கிழமை தெரிய வந்தது. கலிபோர்னியாவின் திங்கள் மாலை நமக்குச் செவ்வாய் காலை அல்லவா! அங்கே இருந்தவர் ஒரு டிக்கெட்டில் நல்ல குறிப்பு எழுதி, உரிமையாளர் இடத்தில் "கண்டி குழு" என்று மாற்றிவிட்டு 5.30க்குப் போய்விட்டார். 5.38க்குச் சிங்கப்பூர் வாடிக்கையாளர் எழுதினார்: யாராலும் லாகின் பண்ண முடியவில்லை. அங்கே காலை 8.08, வேலை தொடங்கும் நேரம். பதினைந்து நிமிடத்தில் பதில் தருவதாக நாங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதல் பதில் போனது 6.10க்கு, அதாவது முப்பத்திரண்டு நிமிடம் கழித்து.

"அக்கா, அவங்க ரொம்பக் கோவமா இருக்காங்க. ஆனா சிஸ்டத்துல எல்லாம் பச்சையா காட்டுது" என்றார் அன்றைக்கு டெஸ்க்கில் இருந்த தம்பி.

பச்சையாகக் காட்டியதற்குக் காரணம் இருந்தது. கெடுவை எண்ணும் டைமரை ஒவ்வொரு குழுவின் வேலை நேரத்தோடும் கட்டி வைத்திருந்தோம். கண்டி குழுவுக்கு 6 மணிக்கு முன்னால் அது ஓடாது. ஆகவே அதன் கணக்கில் தாமதம் பத்தே நிமிடம். மாத அறிக்கையிலும் எந்தக் குறையும் வந்திருக்காது. மூன்று அலுவலகங்கள் மாறி மாறிப் பார்க்கும் டெஸ்க்கில் இந்த டைமர் நாள் முழுதும் ஓட வேண்டும்; குழுவின் வேலை நேரம் ஆட்களை ஒதுக்க மட்டும்தான்.

சரி, ஷிப்டை என்ன செய்வது? முதலில் கண்டி ஷிப்டை 5 மணியிலிருந்து 1.30 வரை என்று மாற்றினேன். காலை இடைவெளி அடைபட்டது, மத்தியானம் இன்னொன்று திறந்தது. லண்டன் கடிகாரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறன்றுதான். 2026இல் கலிபோர்னியா மார்ச் 8, லண்டன் மார்ச் 29. அந்த மூன்று வாரமும் லண்டன் நமது 2 மணிக்குத்தான் வரும், நாங்களோ 1.30க்கே போய்விடுவோம். இலையுதிர் காலத்திலும் இதே சிக்கல் ஒரு வாரம் உண்டு: லண்டன் அக்டோபர் 25, கலிபோர்னியா நவம்பர் 1. அதோடு, கம்பளையிலிருந்து வரும் பிள்ளைகள் 5 மணிக்குக் கண்டியில் இருக்க வேண்டுமானால் நாலு மணிக்கு முன்பே, இருட்டிலும் பனியிலும், வேனுக்கு நிற்க வேண்டும். அதை நான் தொடர விரும்பவில்லை.

இப்போது அசையாத கடிகாரத்தை நடுவில் வைத்திருக்கிறோம். கண்டி வருஷம் முழுக்க 6 முதல் 2.30 வரை. கலிபோர்னியாவில் கோடைநேரம் இருக்கும் மாதங்களில் மட்டும் அங்கே இரண்டு பேர் ஒரு மணி நேரம் தள்ளி வந்து, மாலை 6 மணி வரை இருக்கிறார்கள். அது நமக்குக் காலை 6.30. கடிகாரத்தை மாற்றுகிறவர்கள்தான் ஷிப்டையும் மாற்ற வேண்டும் என்று நான் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். கோடையில் லண்டன் நமது 1 மணிக்கே வந்துவிடுகிறது, அதில் நஷ்டமில்லை.

அப்புறம், டிக்கெட்டைக் குழுவின் பேரில் விட்டுப் போவதை நிறுத்தினோம். எடுத்துக்கொள்கிறவர் தன் பெயரைப் போடும்வரை கொடுப்பவரே உரிமையாளர். ஆறேகால் ஆகியும் யாரும் பெயர் போடவில்லை என்றால் கலிபோர்னியாவிலிருந்து எனக்குப் போன் வரும்.

அட்டவணையை வெளியிடும் முன் லினக்ஸ் கணினியில் இதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன்:

```
TZ=Asia/Colombo date -d 'TZ="America/Los_Angeles" 2026-03-09 17:00'
```

விடை மார்ச் 10, காலை 5.30. `PST` என்று சுருக்காமல் ஊர்ப் பெயரையே கொடுங்கள். நேரத்துக்குப் பின்னால் `17:00 PST` என்று எழுதினால் குளிர்கால நேரத்தையே வைத்துக் கணக்குப் போட்டு 6.30 என்று சொல்லிவிடும்.