நடந்தால் அறுகிற வைஃபை: பவரைக் கூட்டுவதற்கு முன்

"அண்ணை, இருந்த இடத்தில நல்லா வேலை செய்யுது. லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தா மட்டும் கட் ஆகுது. பவரைக் கூட்டி விடுங்கோ."

பெரிய கட்டடங்களுக்கு வைஃபை பார்க்கப் போகிற எங்களுக்குப் பழகிப்போன முறைப்பாடு இது. பவரைக் கூட்டினால் பெரும்பாலும் நிலைமை மோசமாகத்தான் போகும். வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டிதான் அக்சஸ் பொயின்ட்; ஒன்றை விட்டு அடுத்ததற்கு எப்போது மாறுவது என்று தீர்மானிப்பது லப்டொப். அக்சஸ் பொயின்ட் "அங்கே போ" என்று யோசனை சொல்லலாம். கேட்பதும் கேட்காததும் லப்டொப்பின் இஷ்டம்.

பிடித்திருக்கும் சிக்னல் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கும்வரை லப்டொப் வேறொன்றைத் தேடாது. அந்த எல்லை கருவிக்குக் கருவி வேறு. சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள்; மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம். ஆப்பிள் தன் மடிக்கணினிகளுக்கு மைனஸ் 75 டிபிஎம் என்றும், ஐபோனுக்கு மைனஸ் 70 என்றும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. விண்டோஸில் இது வைஃபை கார்ட்டின் டிரைவரைப் பொறுத்தது.

யாழ் நகரில் ஒரு பயிற்சி நிலையம். "ட" வடிவில் திரும்பும் நீண்ட விறாந்தை, திரும்பும் மூலையில் கொங்கிறீட் படிக்கட்டு. முன்பக்க வரவேற்பறையில் ஒரு அக்சஸ் பொயின்ட், பின்பக்கக் கடைசி அறைக்குள் இன்னொன்று. இரண்டும் முழுப் பவரில். சூம் வகுப்போடு நடக்கும் ஆசிரியருக்கு மூலை திரும்பியதும் குரல் அறும். பவர்ஷெல்லில் இதை ஓடவிட்டு, திரையைப் பார்த்தபடி அதே வழியால் நடந்தேன்:

```
while(1){netsh wlan show interfaces |
 Select-String "BSSID","Signal","Channel"; sleep 1}
```

புதிய விண்டோஸ் 11இல் இதற்கு லொகேஷன் அனுமதி கொடுக்க வேண்டும். `BSSID` மாறினால் அக்சஸ் பொயின்ட் மாறியிருக்கிறது. `Signal` சதவீதத்தில் வரும். அதைப் பாதியாக்கி 100ஐக் கழித்தால் ஏறத்தாழ டிபிஎம். 50 சதவீதம் என்றால் மைனஸ் 75.

மூலைக்கு ஓரடி முன்னால் மைனஸ் 64. அந்த அளவில் லப்டொப்புக்கு ஒரு குறையும் இல்லை, தேடவும் இல்லை. மூலை திரும்பி இரண்டு எட்டு வைத்ததும் கொங்கிறீட் மறைக்க, மைனஸ் 83. அப்போதுதான் பதறித் தேடத் தொடங்கியது. அடுத்த அக்சஸ் பொயின்ட் அந்த இடத்தில் மைனஸ் 79, மாறியும் பயனில்லை.

தேடவும் நேரம் போகும். பின்பக்கம் இருந்தது 100ஆம் சனல். 52 முதல் 144 வரையான சனல்கள் ரேடாருடன் பங்கிட்டவை என்பதால், லப்டொப் தானாகக் கேள்வி அனுப்பாமல் அக்சஸ் பொயின்டின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு ஏறத்தாழ 0.1 வினாடிக்கு ஒன்று. அப்படிப் பதினாறு சனலை ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்கவே ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும். நடக்கிற ஆள் அதற்குள் மூலையைக் கடந்துவிடுவார்.

ஆக, தேவைப்பட்டது மூலைக்கு முன்பே இரண்டு சிக்னலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற ஒரு பட்டை. அந்தப் பட்டையில் பழையது லப்டொப்பின் எல்லையைத் தொட்டிருக்க வேண்டும், புதியது நன்றாகக் கேட்க வேண்டும். பின்பக்க அக்சஸ் பொயின்டை அறையிலிருந்து கழற்றி, இரண்டு பக்கமும் தெரியும்படி மூலைச் சீலிங்கில் மாட்டி, 44ஆம் சனலுக்கு மாற்றினோம். முன்பக்கத்தின் பவரை 8 டெசிபெல் குறைத்தோம். உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதை ஏன் குறைக்கிறீர்கள் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 8 டெசிபெல் குறைந்ததால்தான் மூலைக்கு முன்பே பழைய சிக்னல் மைனஸ் 72க்கு இறங்கியது; புதியது அங்கே மைனஸ் 58. பின்பக்கக் கடைசி அறையில் மைனஸ் 67 கிடைத்தது, அது போதும்.

அதற்குப் பிறகும் ஒட்டிக்கொண்டே நின்ற இன்டெல் கார்ட் லப்டொப்களில் மட்டும், டிவைஸ் மனேஜரில் கார்ட்டின் `Advanced` பக்கத்தில் உள்ள `Roaming Aggressiveness` அளவை `3. Medium` இலிருந்து `4. Medium-High` ஆக்கினோம். `5. Highest` வேண்டாம், மேசையில் அசையாமல் இருக்கும் லப்டொப்பும் இரண்டுக்கும் இடையில் தாவிக்கொண்டிருக்கும். இடத்தைச் சரிசெய்யாமல் இதை மட்டும் மாற்றியிருந்தாலும் பலனில்லை, தேடினாலும் கிடைப்பது அதே மைனஸ் 79தான்.

உங்கள் இடத்தில் `BSSID` மாறும்போது ஐபி முகவரியும் மாறுகிறதா என்று `ipconfig` போட்டுப் பாருங்கள். மாறினால் இந்தக் கதையே வேறு: இரண்டாவது பெட்டி அக்சஸ் பொயின்டாக இல்லாமல் றவுட்டராக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஐபி முகவரிகளைக் கொடுக்கும் டிஎச்சிபியை நிறுத்தி, கேபிளை வான் துளையிலிருந்து லான் துளைக்கு மாற்றிவிட்டு அப்புறம் அளக்கத் தொடங்குங்கள்.