விகிதமா, விகிதாச்சாரமா? செவ்வகக் கணக்கைக் குழப்பும் ஒரு சொல்

"செவ்வகத்தின் சுற்றளவை 3:2 விகிதாச்சாரத்தில் பிரித்து நீள அகலங்களைக் காண்க" என்ற தொடரை மொழிபெயர்த்த பயிற்சித்தாள்களிலும் பாடக் காணொளிகளிலும் பலமுறை பார்த்துவிட்டேன். இதில் பிழை இரண்டு. கணக்கின் பிழைக்குச் சொல்லின் பிழையே வழி திறந்துவிடுகிறது.

சுற்றளவு என்ற சொல்லில் குறையில்லை. சுற்றி என்பதையும் அளவு என்பதையும் இணைத்த கிரேக்கச் சொல்லுக்கு அது உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. விகிதம் வடமொழி வழி வந்தது. வகுக்கப்பட்டது, விதிக்கப்பட்டது என்பது அதன் வேர்ப்பொருள். ஆயினும் இரண்டு அளவுகளை ஒப்பிட்டு, ஒன்று மற்றதைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் பொருளில் பள்ளிக் கணிதத்தில் அது நன்றாக ஊன்றிவிட்டது.

விகிதாச்சாரமோ அதன்மேல் ஆசாரம் என்பதை ஒட்டவைத்த சொல். ஆசாரம் என்றால் ஒழுகலாறு, வழக்கம். கணிதத்துக்கு அந்த ஒட்டு தரும் பொருள் எதுவும் இல்லை. சொல் நீண்டதால் கனம் கூடியது போன்ற தோற்றம் மட்டுமே மிச்சம். அது வடமொழி என்பதற்காக நான் எதிர்க்கவில்லை, ஏனெனில் விகிதமும் வடமொழிதான். பொருள் மங்குவதே என் குறை. விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் என்னும்போது மொத்த இடங்களை வாக்குகளுக்கேற்பப் பங்கிடுவதைக் குறிக்கிறோம். அதாவது அச்சொல் காதில் விழுந்ததுமே, ஒரு மொத்தம் இருக்கிறது, அதைப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. செவ்வகக் கணக்கில் கையில் உள்ள ஒரே மொத்தம் சுற்றளவு. மாணவர் அதைத்தான் பிரிப்பார்.

இந்தியத் தேசியக் கொடியை எடுத்துக்கொள்வோம். கொடி செவ்வகமாக இருக்க வேண்டும், அதன் நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 3:2 ஆக இருக்க வேண்டும் என்று கொடிக்கான விதித்தொகுப்பு வகுத்திருக்கிறது. ஒரு கொடியின் சுற்றளவு 4500 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றி வரும்போது நீளம் இருமுறையும் அகலம் இருமுறையும் வருகின்றன. எனவே ஒரு நீளமும் ஓர் அகலமும் சேர்ந்தது அரைச்சுற்றளவு, அதாவது 2250. நீளம் 3 பங்கு, அகலம் 2 பங்கு, ஆக மொத்தம் 5 பங்கு. ஒரு பங்கு 450. நீளம் 1350, அகலம் 900.

"சுற்றளவைப் பிரி" என்ற தொடரை நம்பியவர் 4500-ஐ நேரே 5-ஆல் வகுத்து, ஒரு பங்கு 900 என்று கொண்டு, 2700, 1800 என்று விடை எழுதுவார். இப்பிழை எளிதில் கண்ணில் படாது. 2700-க்கு 1800 என்பதும் 3:2 தான். போதாக்குறைக்கு, விதித்தொகுப்பில் உள்ள கொடி அளவுகளில் 1350-க்கு 900 இருப்பது போலவே 2700-க்கு 1800-உம் இருக்கிறது. விகிதத்தை மட்டும் சரிபார்ப்பவர் விடை சரி என்றே முடிவு செய்வார். நான்கு பக்கங்களையும் கூட்டிப் பார்த்தால்தான் 9000 வந்து, சுற்றளவு இருமடங்காகிவிட்டது தெரியும். நீளம் சுற்றளவில் ஐந்தில் மூன்று அன்று, பத்தில் மூன்று.

தமிழில் இதற்குத் தெளிவான சொல்முறை ஏற்கெனவே இருக்கிறது. சிமெண்டுக் கலவையை "ஒன்றுக்கு ஆறு" என்று கொத்தனார் சொல்லும்போது, மொத்தம் எவ்வளவு என்ற பேச்சே அதில் இல்லை. எதற்கு எது எத்தனை என்பதை அந்த நான்காம் வேற்றுமை உருபே காட்டிவிடுகிறது. 3:2 என்பதை "மூன்றுக்கு இரண்டு" என்று படித்து, "நீளம் மூன்று பங்கானால் அகலம் இரண்டு பங்கு" என்று விரித்தால், எந்த எண் எந்தப் பக்கத்துக்கு உரியது என்ற ஐயமும் எழாது. அந்த ஐயம் வெறும் கற்பனை அன்று. அமெரிக்கக் கொடியின் அளவை அவர்கள் உயரத்தை முதலில் வைத்து 1-க்கு 1.9 என்று குறிக்கிறார்கள். நம் பழக்கத்தில் நீளத்தை முதலில் கொண்டு அதைப் பெயர்த்தால் கொடி நிமிர்ந்து நின்றுவிடும்.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லுக்குச் சொல் தேடுவதோடு நில்லாமல், தாம் எழுதிய தொடரை வைத்துக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் "பிரித்து" என்ற வினையை அங்கே வைத்திருக்கவே மாட்டார்கள். "ஒரு செவ்வகத்தின் சுற்றளவு 4500 மில்லிமீட்டர், அதன் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 3:2, பக்க அளவுகளைக் காண்க" என்று எழுதினால் போதும். பிரிக்க வேண்டியது அரைச்சுற்றளவு என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார்.