அதிகபட்சத் தொகைத் துண்டு: ஒரே ஓட்டத்தில் விடை வருவது எப்படி?

ஒரு பங்கின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த எட்டு நாட்களில் அது ஏறி இறங்கிய கணக்கு இது:

```
3, -5, 4, -1, 6, -7, 5, 3
```

ஒரே ஒரு முறை வாங்கலாம், ஒரே ஒரு முறை விற்கலாம். அதிகபட்சம் எவ்வளவு லாபம் பார்க்க முடியும்? நாம் பங்கைக் கையில் வைத்திருக்கும் நாட்கள் அடுத்தடுத்த நாட்களாகத்தான் இருக்கும். அதனால் இந்த வரிசையிலிருந்து இடைவெளி விடாத ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டும், அதன் கூட்டுத்தொகை மிகப் பெரிதாக இருக்க வேண்டும்.

கண்ணால் பார்த்தால் 4, -1, 6 என்ற துண்டுதான் முதலில் ஈர்க்கும். தொகை 9. அடுத்து -7 என்ற பெரிய சரிவு வருவதால் அங்கேயே நிறுத்தத் தோன்றும். ஆனால் சரியான விடை 10. மூன்றாம் எண்ணில் தொடங்கி, அந்தச் சரிவையும் தாங்கிக்கொண்டு கடைசி வரை போனால்தான் அது கிடைக்கும். எந்தச் சரிவைத் தாங்கலாம், எதோடு கைவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர்நாடி.

இந்தக் கேள்வி பங்குச் சந்தையிலிருந்து வரவில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃப் கிரெனாண்டர் 1977-இல் டிஜிட்டல் படங்களில் வடிவங்களைக் கண்டறிவது பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்களாலான ஒரு சதுரக் கட்டத்துக்குள் அதிகபட்சத் தொகை தரும் செவ்வகத்தை அவர் தேட வேண்டியிருந்தது. அது பிடிகொடுக்காததால், கட்டத்தை ஒற்றை வரிசையாகச் சுருக்கி முதலில் அதைப் புரிந்துகொள்ளப் பார்த்தார்.

யாருக்கும் முதலில் தோன்றும் வழி, எல்லாத் துண்டுகளையும் போட்டுப் பார்ப்பது. எட்டு எண்களில் 36 துண்டுகள் உண்டு. ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கூட்டினால் வேலை எண்ணிக்கையின் மூன்றாம் அடுக்கில் வளரும். கொஞ்சம் யோசித்தால் இதைக் குறைக்கலாம்: மூன்றாம் எண்ணிலிருந்து ஐந்தாம் எண் வரை கூட்டி வைத்திருந்தால், ஆறாவது வரையிலான தொகைக்கு இன்னும் ஒரு எண்ணைச் சேர்த்தால் போதும். இப்போது வேலை இரண்டாம் அடுக்கில் வளரும். 10 லட்சம் எண்களுக்கு இதுவே சுமார் 50,000 கோடிக் கூட்டல். வினாடிக்கு 100 கோடிக் கூட்டல் போடும் கணினிக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். முதல் வழியில் போனால் அதே கணினிக்கு ஐந்து ஆண்டுகள் போதாது.

கிரெனாண்டர் இதைக் கணினி அறிவியலாளர் மைக்கேல் ஷாமோஸிடம் சொன்னார். ஷாமோஸ் ஒரே இரவில் பிரித்துத் தீர்க்கும் முறை ஒன்றை உருவாக்கினார். வரிசையை நடுவில் வெட்டுகிறோம். விடை இடப் பாதியில் முழுசாக இருக்கலாம், வலப் பாதியில் முழுசாக இருக்கலாம், அல்லது வெட்டின் மேல் இரண்டு பக்கமும் பரவியிருக்கலாம். வேறு வழியே இல்லை.

நம் வரிசையில் இடப் பாதி 3, -5, 4, -1; அதன் உச்சம் 4. வலப் பாதி 6, -7, 5, 3. அதன் உச்சம் 8. வெட்டைத் தாண்டும் துண்டுக்கு, நடுவிலிருந்து இடப்புறம் நகர்ந்து கூட்டிக்கொண்டே போனால் -1, 3, -2, 1 என்று வரும், அதில் பெரியது 3. வலப்புறம் 6, -1, 4, 7, பெரியது 7. இரண்டும் சேர்ந்து 10. பாதிகளுக்கான விடையையும் இதே போல வெட்டி வெட்டியே கண்டுபிடிக்கிறோம். எட்டு எண்களை மூன்று முறை பாதியாக்கினால் ஒற்றை எண்ணுக்கு வந்துவிடும். 10 லட்சத்துக்கு ஏறத்தாழ 20 முறை. ஒவ்வொரு மட்டத்திலும் எல்லா எண்களையும் ஒரு தடவை தொட்டால், மொத்தம் சுமார் 2 கோடிச் செயல்கள். மிக நல்ல முன்னேற்றம், இதற்கு மேல் குறையாது என்றே அப்போது தோன்றியிருக்கிறது.

சில நாட்கள் கழித்து கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் ஷாமோஸ் இந்தக் கதையைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஜோசப் கடேன் என்ற புள்ளியியலாளரும் ஒருவர். ஒரு நிமிடத்துக்குள் அவர் இன்னும் வேகமான வழியைக் கண்டுபிடித்துவிட்டார். இன்று அது அவர் பெயரிலேயே கடேன் அல்காரிதம் என்று வழங்குகிறது.

கடேன் கேள்வியையே மாற்றிப் போட்டார். மொத்த வரிசையிலும் சிறந்த துண்டு எது என்று நேரடியாகக் கேட்காமல், இந்த எண்ணில் முடியும் துண்டுகளில் சிறந்தது எது என்று ஒவ்வொரு எண்ணிடமும் கேட்கிறோம். அதற்கு இரண்டே வாய்ப்புதான். ஒன்று, அந்த எண் தனியாக நிற்கும். அல்லது முந்தைய எண்ணில் முடிந்த ஏதோ ஒரு துண்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதென்றால் அந்தத் துண்டுகளில் சிறந்ததோடு ஒட்டுவதுதான் லாபம், அதன் தொகை ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. எனவே பழையதைத் திரும்பிப் பார்க்கும் தேவையே இல்லை.

```python
def best_sum(a):
    here = best = a[0]
    for x in a[1:]:
        here = max(x, here + x)
        best = max(best, here)
    return best
```

இதில் `here` என்பது இப்போதைய எண்ணில் முடியும் சிறந்த தொகை, `best` என்பது இதுவரை பார்த்ததில் உச்சம். நம் வரிசையில் `here` இப்படி நகரும்:

```
3, -2, 4, 3, 9, 2, 7, 10
```

இரண்டாம் இடத்தில் -2 வந்ததைக் கவனியுங்கள். அடுத்து வரும் 4, இந்தக் கடனைச் சுமந்தால் 2 ஆகிவிடும். தனியாக நின்றால் 4. அதனால் பழையதைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. ஆனால் ஆறாம் இடத்தில் -7 வந்தபோது கையில் 9 இருந்தது. சரிவு போக 2 மிச்சம். அந்த 2 சிறியதுதான், ஆனாலும் அடுத்து வரும் 5-க்கு உதவுகிறது, ஆகவே தொடர்ச்சி அறுபடவில்லை. குறை எண் வந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. இதுவரை சேர்ந்த தொகை பூஜ்யத்துக்குக் கீழே போனதா என்பதுதான் கேள்வி.

இதை எழுதும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: `here`, `best` இரண்டையும் 0 என்று தொடங்குவது. -8, -3, -6 என்ற வரிசைக்கு அப்படி எழுதிய நிரல் 0 என்று விடை சொல்லும். ஒரு எண்ணாவது எடுத்தே ஆக வேண்டும் என்றால் சரியான விடை -3. பங்குக் கணக்கில் மட்டும் 0 சரியே, ஏனென்றால் வாங்காமலே இருந்துவிடலாம். ஆக வெற்றுத் துண்டுக்கு அனுமதி உண்டா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். எல்லாமே குறை எண்களாக உள்ள ஒரு வரிசையைக் கொடுத்துச் சோதித்தால் பிழை இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைக் கணினி அறிவியலாளர் ஜான் பென்ட்லி 1984-இல் ஓர் இதழ்ப் பத்தியில் காட்டினார். மூன்றாம் அடுக்கு முறையை அன்றைய சூப்பர் கம்ப்யூட்டரான கிரே-1-இலும், கடேன் முறையை டிஆர்எஸ்-80 என்ற வீட்டுக் கணினியிலும் வைத்து ஒப்பிட்டார். 1,000 எண்கள் வரை கிரேதான் முந்துகிறது: அதற்கு 3 வினாடி, வீட்டுக் கணினிக்கு ஏறத்தாழ 20 வினாடி. 10 லட்சம் எண்கள் என்றால் கதை தலைகீழ். வீட்டுக் கணினிக்கு 5.4 மணி நேரம், கிரேக்கு 95 ஆண்டுகள்.

அதற்காகப் பிரித்துத் தீர்க்கும் முறை வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு பாதியும் தன் உச்சத்தோடு மொத்தத் தொகை, இட ஓரத்தில் தொடங்கும் சிறந்த தொகை, வல ஓரத்தில் முடியும் சிறந்த தொகை ஆகிய மூன்றையும் சேர்த்துத் தந்தால், இரண்டு பாதிகளை இணைக்கச் சில கூட்டல்களே போதும். அப்போது இந்த முறையும் கடேன் முறையைப் போலவே எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில்தான் வேலை செய்யும். வரிசையில் அடிக்கடி ஏதோ ஒரு எண் மாறுகிறது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய விடை வேண்டும் என்றால் இதுதான் கைகொடுக்கும். 10 லட்சம் எண்களில் ஒன்று மாறினால் சுமார் 20 இணைப்புகளைத் திருத்தினால் போதும். கடேன் முறையோ மறுபடியும் முதலிலிருந்து ஓட வேண்டும்.

சரி, கிரெனாண்டரின் சதுரக் கட்டம் என்ன ஆயிற்று? செவ்வகத்தின் மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் நிலையாக வைத்து, இடையில் உள்ள ஒவ்வொரு நெடுவரிசையையும் கூட்டி ஒற்றை எண்ணாக்கினால், மிஞ்சுவது கடேன் முறைக்கு ஏற்ற ஒரு வரிசை. எல்லா மேல்-கீழ் ஜோடிகளுக்கும் இதைச் செய்தால் விடை வந்துவிடும். ஆனால் பக்கத்துக்கு 1,000 எண்கள் உள்ள கட்டத்தில் அப்படி 5 லட்சம் ஜோடிகள், ஒவ்வொன்றுக்கும் 1,000 எண்கள் நீளமான ஓட்டம். வேலை மறுபடியும் மூன்றாம் அடுக்கில் வந்து நிற்கிறது. அதைச் சிறிதளவு குறைக்கும் வழிகள் வந்திருக்கின்றன. ஒற்றை வரிசையில் நடந்தது போல ஓர் அடுக்கையே கழற்றிவிடும் வழி இன்றுவரை கிடைக்கவில்லை.