பில்லுக்கு வாங்கிய நம்பருக்கு ஆஃபர் மெசேஜ் அனுப்பலாமா?

ஜவுளிக்கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்கள், வாடிக்கையாளரும் சொல்லிவிடுகிறார். அது பில்லுக்காகக் கொடுத்த நம்பர், ஆஃபர் அனுப்பச் சொல்லிக் கொடுத்ததல்ல. நம்பர் தராவிட்டால் பில் இல்லை என்று கட்டாயப்படுத்தவே கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே கடைகளுக்குச் சொல்லிவிட்டது.

ஆடித் தள்ளுபடி வந்ததும் அந்தப் பட்டியலுக்குக் கடையின் சாதாரண 10 இலக்க சிம்மிலிருந்து மொத்தமாக எஸ்எம்எஸ் தட்டிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் விதிகளைத் திருத்திய பிறகு, இப்படிப் பதிவு செய்யாத நம்பரிலிருந்து வரும் விளம்பரத்தின் மேல் யார் வேண்டுமானாலும் 1909-இல் புகார் செய்யலாம், விளம்பரத் தொந்தரவு வேண்டாம் என்று டிஎன்டியில் பதிந்திருக்க வேண்டியதில்லை. மெசேஜ் வந்து 7 நாளுக்குள் புகார் போக வேண்டும், அவ்வளவுதான். 10 நாளில் 5 புகார் சேர்ந்தால் போதும், நடவடிக்கை வரும். முதல் முறை 15 நாள் அவுட்கோயிங் முடங்கும், திரும்பவும் நடந்தால் எல்லா டெலிகாம் நிறுவனங்களிலும் உங்கள் இணைப்புகள் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். ஆயிரம் பேருக்கு அனுப்பி அதில் 5 பேர் எரிச்சலானாலே, பண்டிகை நேரத்தில் கடை போனிலிருந்து யாரையும் கூப்பிட முடியாத நிலை. இது மிகச் சின்ன எண்ணிக்கை, தயவுசெய்து கவனியுங்கள்.

சரியான வழி, ஏதாவது ஒரு டெலிகாம் நிறுவனத்தில், வணிக மெசேஜ் அனுப்புவோரைப் பதியும் டிஎல்டி தளத்தில் கடையைப் பதிந்து, அனுப்புநர் பெயரையும் மெசேஜ் வாசகத்தையும் ஒப்புதல் வாங்கி அனுப்புவது. அப்போது பெயருக்குப் பின்னால் -P என்று வரும், விளம்பரம் என்பது பார்த்ததும் தெரியும். விளம்பரம் வேண்டாம் என்று டிஎன்டியில் மூடிவைத்தவர்களை, அவர்களின் சம்மதம் அங்கே பதிவாகியிருந்தால் ஒழிய, நிறுவனமே வடிகட்டிவிடும். நிறுத்தும் வழி ஒவ்வொரு விளம்பரத்திலும் இருக்க வேண்டும். ஒருவர் விலகிவிட்டால் 90 நாளுக்கு அவரிடம் மறுபடி சம்மதம் கேட்கக்கூடாது.

வாட்ஸ்அப் டிராய் விதியில் வராது, அதனால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். சம்மதம் இல்லாமல் அனுப்பக்கூடாது என்பது வாட்ஸ்அப்பின் சொந்த விதி. ஆட்கள் பிளாக், ரிப்போர்ட் செய்யச் செய்ய உங்கள் நம்பரின் தரமதிப்பு இறங்கும், ஒரு கட்டத்தில் கணக்கே முடங்கும். அதனால் கவுண்டரில், “புதுச் சரக்கு, தள்ளுபடி விவரம் வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?” என்று தனியாகக் கேளுங்கள். சரி என்றால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள், பில்லோடு சேர்த்து டிக் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், ஒவ்வொரு வாட்ஸ்அப் மெசேஜின் அடியிலும் ‘வேண்டாம் என்றால் STOP என்று அனுப்புங்கள்’ என்ற வரி இருக்கட்டும். STOP வந்த அன்றே பெயரை எடுங்கள். இரண்டு கிளை இருந்தால் நீக்கப்பட்டவர் பட்டியல் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒரு கிளையில் வேண்டாம் என்றவருக்கு இன்னொரு கிளையிலிருந்து மெசேஜ் போனால், அவர் அடுத்துத் தொடப்போவது 1909 அல்லது பிளாக் பட்டனைத்தான்.